இருபது நாள் வகுப்பில் உங்களுக்கு எத்தனை நிமிடம்?

என் சித்தி மகளுக்கு வயது 42. மதுரையில் தெப்பக்குளம் பக்கம் தையல்கடை வைத்திருக்கிறாள். வீட்டில் கார் வாங்கி ஒரு வருடமாகியும் அவள் இன்னும் இடது பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்து வந்தாள். போன மாசி மாதம் ஒரு நாள் இரண்டு துண்டுச்சீட்டுகளோடு வீட்டுக்கு வந்தாள். இரண்டும் டிரைவிங் ஸ்கூல் நோட்டீஸ்.

"அண்ணே, இதுல பாருங்க. இங்க 20 நாள், தினம் ஒரு மணி நேரம், எல்.எல்.ஆர்., லைசென்ஸ் எல்லாம் சேர்த்து 4,000 ரூபா. இன்னொரு எடத்துல 20 கிளாஸ், அதுவும் அரை மணி நேரம்தான். அதுக்கு 6,500 கேக்குறாங்க. யாராவது போவாங்களா?"

கேட்டால் நியாயமாகத்தான் பட்டது. ஒரு பக்கம் 20 மணி நேரம், மறுபக்கம் 10 மணி நேரம். பாதி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு விலை. ஆனாலும் மறுநாள் காலை ஆறேகாலுக்கு இரண்டு பேரும் 4,000 ரூபாய்ப் பள்ளி வாசலில் போய் நின்றோம். எல் போர்டு போட்ட சின்ன கார் ஒன்று வந்தது. மாஸ்டர் முன்னால் இருந்தார். பின் சீட்டில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, நான்காவது ஆள் ஓட்டிக்கொண்டு வந்தார். வாசலில் அவர் இறங்கிப் பின்னால் போக, பின்னால் இருந்த கல்லூரிப் பையன் ஸ்டீயரிங்குக்கு வந்தான்.

விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. தினம் ஒரு மணி நேரம் என்று நோட்டீஸில் போட்டிருப்பது பொய்யில்லை. அந்த ஒரு மணி நேரமும் காரில்தான் இருப்பீர்கள். ஆனால் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருப்பது 15 நிமிடம். இருபது நாளைக்கு 300 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம்.

விலை எங்கிருந்து வருகிறது

இரண்டாவது பள்ளியின் உரிமையாளர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர். இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறார். "6,500 எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்கண்ணே" என்று கேட்டதும், நோட்டீஸையே திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக் காட்டினார். ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி தொகை மாறும். கணக்குப் போடும் முறை எல்லா இடத்துக்கும் ஒன்றுதான்.

முதலில் மாஸ்டரின் நேரம். சம்பளம் மாதம் 20,000 என்றார். மாதத்துக்கு 26 நாள் வேலை. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் வருவார்கள், மாலையில் கல்லூரி விட்டு வருவார்கள். நடுப்பகலில் கார் வேப்பமரத்தடியில் நிற்கும். ஆக, மாஸ்டர் நாளெல்லாம் இருந்தாலும் யாராவது ஓட்டுகிற நேரம் ஆறு மணிதான். மாதத்துக்கு 156 மணி. சம்பளத்தை இதால் வகுத்தால் ஒரு மணிக்கு ஏறக்குறைய 130 ரூபாய்.

அடுத்தது பெட்ரோல். பழகுகிறவர் பெரும்பாலும் முதல் இரண்டு கியரில் ஊர்கிறார். அடிக்கடி வண்டி ஆஃப் ஆகிறது. ஹைவேயில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கிற கார் இந்த வேலையில் 12 கொடுத்தால் அதிகம். ஒரு மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் ஓட்டம், ஆளை வீட்டில் போய் ஏற்றிக்கொண்டு வர இன்னும் மூன்று. மொத்தம் 17 கிலோமீட்டருக்கு 1.4 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 140 ரூபாய்.

மூன்றாவது கார். பழகுகிறவர்கள் கையில் முதலில் தேய்வது கிளட்ச் தட்டுதான். அதோடு டயர், இன்சூரன்ஸ், பம்பர் உரசல், வண்டியின் விலை வருடா வருடம் இறங்குவது. எல்லாம் சேர்த்து ஒரு காருக்கு மாதம் 12,000 ஒதுக்குகிறார். மணிக்கு 80 ரூபாய் வருகிறது. நான்காவது ஆபீஸ் வாடகையும் அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் சம்பளமும். இரண்டு காருக்கும் பிரித்தால் மணிக்கு 65.

நான்கையும் கூட்டினால், யாராவது ஒருவர் கார் ஓட்டுகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பள்ளிக்கு 415 ரூபாய் செலவு. பத்து மணி நேரத்துக்கு 4,150. டெஸ்ட் அன்று மாஸ்டரும் காரும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அரை நாள் நிற்கிறார்கள். அதில் ஒருவரின் பங்கு 200. அரசுக்குக் கட்டுவது 1,200 என்று வைத்துக்கொண்டார். ஆக மொத்தம் 5,550. மிச்சம் 950 ரூபாய்தான் அவருக்கு நிற்பது.

இதே கணக்கை 4,000 ரூபாய்ப் பள்ளிக்கும் போட்டுப் பார்த்தோம். ஐந்து மணி நேரத்துக்கு 2,075, டெஸ்ட் நாளுக்கு 200, அரசுக்கு 1,200. மொத்தம் 3,475. அவருக்கு மிஞ்சுவது 525. அவர் ஒன்றும் கொள்ளையடிக்கவில்லை. 4,000 ரூபாய்க்குள் பத்து மணி நேரம் கொடுக்க யாராலும் முடியாது. அதனால் நாளைக் குறைக்காமல் நிமிடத்தைக் குறைத்திருக்கிறார்.

சித்தி மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "நாங்களும் அதான் செய்றோம்ணே. ரவிக்கைக்குக் கூலியை ரொம்பக் கொறச்சுக் கேட்டா, லைனிங் வராது. வெளிய பாத்தா தெரியாது" என்றாள்.

இரண்டு நோட்டீஸையும் ஒப்பிட எளிய வழி ஒன்று உண்டு. மொத்தத் தொகையில் அரசுக் கட்டணத்தைக் கழியுங்கள். மீதியை, ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்கப்போகும் மணி நேரத்தால் வகுத்துவிடுங்கள். 6,500 ரூபாய்ப் பள்ளியில் 5,300 வகுத்தல் 10, மணிக்கு 530. 4,000 ரூபாய்ப் பள்ளியில் 2,800 வகுத்தல் 5, மணிக்கு 560. மலிவாகத் தெரிந்ததுதான் மணிக்கணக்கில் 30 ரூபாய் கூடுதல்.

பெட்ரோல் விலையா காரணம்?

கட்டணத்தை ஏற்றும்போது பள்ளிகள் பெட்ரோலைத்தான் காட்டும். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். பத்து மணி நேரப் பயிற்சிக்கு மொத்தம் 14 லிட்டர் போகிறது. லிட்டருக்கு ஐந்து ரூபாய் ஏறினால் ஒரு ஆளுக்குக் கூடும் செலவு 70 ரூபாய். "பெட்ரோல் ஏறிடுச்சு, 500 ரூபா கூட" என்று யாராவது சொன்னால் கணக்கு இடிக்கிறது.

உண்மையில் விலையை ஆட்டிவைப்பது மாஸ்டரின் சும்மா இருக்கும் நேரம். மேலே சொன்ன ஆறு மணி நேரம் ஐந்தாகக் குறைந்தால் சம்பளப் பங்கும் கார் பங்கும் சேர்ந்து மணிக்கு 40 ரூபாய்க்கு அருகில் கூடிவிடும். பத்து மணி நேரத்துக்கு ஏறத்தாழ 400 ரூபாய். அதனால்தான் நடுப்பகலில் வரத் தயாராக இருப்பவர்களுக்குச் சில பள்ளிகள் கட்டணத்தைக் குறைக்கின்றன. கேட்டுப் பார்க்கலாம். மே மாதம் இதற்கு நேர் எதிர். பரீட்சை முடிந்த பிள்ளைகள் மொய்ப்பதால் காலை ஐந்தரைக்கே கார் நிறைந்துவிடும். அப்போது கட்டணம் ஏறாது. அரை மணி நேர வகுப்பு 20 நிமிடமாகச் சுருங்கும். கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு போனால் தெரியும்.

அரசுக்கு எவ்வளவு

கார் லைசென்ஸ் மட்டும் என்றால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கட்டணம் இது: எல்.எல்.ஆருக்கு 150, அதற்கான தேர்வுக்கு 50, ஓட்டிக்காட்டும் டெஸ்டுக்கு 300, லைசென்ஸ் வழங்க 200. இவற்றோடு அட்டைக்கும் மாநிலச் சேவைக்கும் உள்ள கட்டணங்கள் சேரும். டூவீலரும் சேர்த்து எடுத்தால் எல்.எல்.ஆருக்கும் டெஸ்டுக்கும் ஒவ்வொரு வகை வாகனத்துக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும்.

இந்தப் பணம் சாரதி இணையதளத்தில் கட்டப்படுகிறது. கட்டியதும் உங்கள் பெயரில் ரசீது வரும். பள்ளி கட்டினாலும் ரசீது உங்களுடையதுதான், கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் 'ஆர்.டி.ஓ. செலவு 2,500' என்று மொத்தமாகப் போட்டிருந்தால், ரசீதில் உள்ளது போக மீதி எதற்கு என்று கேட்கலாம். மாஸ்டர் வருவதற்கும் கார் வாடகைக்கும் என்றால் அது பள்ளியின் கட்டணம், வாங்குவதில் தவறில்லை. அதை அரசுக் கட்டணம் என்று சொல்வதுதான் தவறு. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவரிடம் படிவம் 1ஏ வாங்கும் செலவும் தனி.

மாஸ்டரின் கால்கள்

தங்கை 6,500 ரூபாய்ப் பள்ளியிலேயே சேர்ந்தாள். விதிப்படி பயிற்சி காரில் மாஸ்டர் பக்கமும் கட்டுப்படுத்தும் பெடல் இருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். பள்ளிக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்தப் பெடல்களுக்குத்தான். வீட்டுக் காரில் அண்ணனோ கணவரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும்போது அவர்களால் கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுக்க முடியும், கத்த முடியும், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பெடல்களால் ஒரு கெடுதலும் உண்டு. பதினான்காவது வகுப்பில் நான் பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். தங்கை நன்றாகத்தான் ஓட்டினாள். சிக்னலில் நிறுத்தினாள், எடுத்தாள், ஒரு தடவைகூட வண்டி ஆஃப் ஆகவில்லை. எனக்கே ஆச்சரியம். குனிந்து முன்னால் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை வண்டி கிளம்பும்போதும் மாஸ்டரின் இடது கால் கிளட்சில் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தங்கை ஸ்டீயரிங்தான் பிடித்திருந்தாள். கிளட்ச் அவருடையது.

அவரைக் குறை சொல்ல முடியாது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது வண்டி நின்றுவிடக்கூடாது என்று கால் தானாகப் போகிறது. கிளட்ச் தட்டு தேயாமலும் இருக்கும். ஆனால் அந்த நிமிடங்களில் பழகுகிறவர் பாதிதான் பழகுகிறார். நான் சொன்னதும் மாஸ்டர் சிரித்துவிட்டு இரண்டு கால்களையும் சீட்டோடு சேர்த்து மடக்கிக்கொண்டார். "வாங்கம்மா, பாலத்து ஏத்தத்துல நிறுத்தி எடுங்க பாப்போம்" என்றார்.

முதல் தடவை ஆஃப். இரண்டாவது தடவை வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது, மாஸ்டரின் கால் பிரேக்குக்குப் பாய்ந்தது. மூன்றாவது தடவையும் ஆஃப். தங்கைக்கு வியர்த்துவிட்டது. நான்காவது தடவை ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்சைப் பாதி விட்டு, முன்பக்கம் லேசாக நிமிர்ந்து இன்ஜின் சத்தம் இறங்குவதைக் கேட்டு, பிறகு ஹேண்ட் பிரேக்கை விட்டாள். வண்டி ஏறிவிட்டது. ஹாஃப் கிளட்ச் என்று இத்தனை நாள் வாயால் சொன்னது அன்றைக்குத்தான் காலுக்குப் புரிந்தது.

அதனால் பத்தாவது வகுப்பு வாக்கில் ஒருநாள் மாஸ்டரைக் காலை எடுத்துவிட்டு உட்காரச் சொல்லிப் பாருங்கள். வண்டி தடுமாறினால், அதுவரை எழுதிய நிமிடங்களில் எத்தனை உண்மையில் உங்களுடையவை என்று தெரிந்துவிடும்.

கூடுதல் வகுப்பு

தங்கை இன்னும் மூன்று வகுப்பு எடுத்துக்கொண்டாள். அரை மணிக்கு 300, மொத்தம் 900. மணிக்கணக்கில் 600. பேக்கேஜில் 530 ஆக இருந்தது ஏன் கூடுகிறது? 20 வகுப்பு ஒன்றாக எடுப்பவருக்கு ஒரே நேரத்தை ஒதுக்கி, போகும் வழியில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஒன்றிரண்டு வகுப்புக்கு வருகிறவர் மற்றவர்களுக்கு இடையில் கிடைக்கும் சந்தில் நுழைய வேண்டும். அவருக்காகத் தனியாகப் போய்வர வேண்டும். கொஞ்சம் கூடுதல் நியாயமானதே. அதற்கு மேல் போனால் கேள்வி கேட்கலாம்.

மலிவுப் பேக்கேஜின் உண்மையான விலை தெரிவதும் இந்த இடத்தில்தான். ஐந்து மணி நேரம் ஓட்டியவர் டெஸ்டுக்குத் தயாராக இன்னும் ஐந்து மணி நேரம் கேட்பார். அரை மணிக்கு 300 வீதம் பத்து வகுப்பு 3,000. முன்னே கொடுத்த 4,000 சேர்த்தால் 7,000. முதலிலேயே 6,500 கொடுத்திருந்தால் 500 மிச்சம். சேரும்போதே கூடுதல் வகுப்பின் விலையையும் நோட்டீஸில் எழுதி வாங்கிவிட வேண்டும். பெரும்பாலான நோட்டீஸ்களில் இல்லாத ஒரே விலை அதுதான்.

தயாராகாமல் டெஸ்டுக்குப் போவதற்கும் ஒரு விலை உண்டு. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். டெஸ்டில் தவறினால் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி. மூன்று தடவை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அரசுக்கு 300. பள்ளியின் காரும் மாஸ்டரும் மறுபடி வர 500 கேட்கிறார்கள் என்று வையுங்கள். பயந்து போய் எடுக்கும் இரண்டு வகுப்புக்கு 600. ஒரு தவறுக்கு 1,400 ரூபாய். அதே இரண்டு வகுப்பை டெஸ்டுக்கு முன்பே எடுத்திருந்தால் 600-ஓடு முடிந்திருக்கும். இழுத்துக்கொண்டே போய் ஆறு மாதம் தாண்டிவிட்டால் எல்.எல்.ஆரே புதிதாக எடுக்க வேண்டிவரும்.

கூடுதல் வகுப்பைச் சும்மா ஊர் சுற்றக் கொடுக்க வேண்டாம். எது வரவில்லையோ அதற்கு மட்டும் கேளுங்கள். ஏற்றத்தில் எடுப்பது, ரிவர்ஸில் போய் நிறுத்துவது, நெரிசலில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறங்குவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுப்பு. நேர்ச்சாலையில் ஓட்டிப் பழகுவதை வீட்டுக் காரில், எல் போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ளவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அதிகாலையில் செய்யலாம்.

கையெழுத்துப் போடும் முன்

எத்தனை மணி நேரம் நியாயம் என்பதற்கு அளவுகோல் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், சொந்த உபயோக வாகனம் ஓட்டப் பழகுகிறவருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் குறைந்தது 10 மணி நேரம் உண்மையாக ஓட்டுவது என்கின்றன. 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கு அளவு இன்னும் பெரிது. கார் பயிற்சி 29 மணி நேரம், அதில் 21 மணி செய்முறை. அங்கே தேர்ச்சி பெற்றவருக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக்காட்டுவதிலிருந்து விலக்கு உண்டு.

சாதாரணப் பள்ளிகள் இரண்டு பதிவேடுகள் வைத்திருக்க வேண்டும். படிவம் 14-இல் யார் யார் சேர்ந்தார்கள் என்பது இருக்கும். படிவம் 15-இல் ஒவ்வொருவரும் எந்தத் தேதியில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஓட்டினார் என்பது இருக்கும். பல இடங்களில் கடைசி நாளில் மொத்தமாக நீட்டி "கையெழுத்துப் போடுங்க" என்பார்கள். போடும் முன் கூட்டிப் பாருங்கள். அதில் பத்து மணி நேரம் என்று இருந்து நீங்கள் ஐந்துதான் ஓட்டியிருந்தால், வராத ஐந்து மணி நேரத்துக்கும் நீங்களே சாட்சிக் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

தங்கை கணக்கை வைத்திருந்தது அவளுடைய அளவு நோட்டில்தான். தோள், மார்பு, கை உயரம் எழுதும் பக்கங்களுக்கு நடுவே ஒரு பக்கம். ஒவ்வொரு நாளும் ஏறிய நேரம், இறங்கிய நேரம். 23 வகுப்புக்குக் கூட்டினால் பதினொன்றரை மணி வர வேண்டும். வந்தது பதினொன்றேகால். 6,500, கூடுதல் வகுப்பு 900, டாக்டருக்கு 300. ஆக 7,700 ரூபாய். டெஸ்ட் அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து வண்டியை எடுக்கச் சொன்னபோது, முதல் வேலையாக அவர் காலைத்தான் பார்த்தாளாம்.

முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டது. லைசென்ஸ் தபாலில் வந்த அன்று அந்தப் பக்கத்தைக் காட்டினாள். கூட்டுத்தொகைக்குக் கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: "15 நிமிஷம் பாக்கி."